விந்தில் ரத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயது 29. நேற்று இரவு விந்து சிவப்பாக வந்தது. வலி இல்லை. இது புற்றுநோயா?

உங்கள் வயதில், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒருமுறை இப்படி வந்தால் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இது நின்றுவிடுகிறது. பலருக்குக் காரணம் என்னவென்றுகூடத் தெரிவதில்லை. மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று கசிந்திருக்கும், அது ஆறியும் இருக்கும். நாற்பதுக்குக் கீழே சற்று அடிக்கடி கண்டுபிடிக்கப்படும் காரணம் கிருமித் தொற்று.

பார்க்கும்போது நிறைய ரத்தம் போனதுபோல் தோன்றும். ஒருமுறை வெளியேறும் விந்து சராசரியாக இரண்டு முதல் ஐந்து மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் அளவு. ஒரு ஸ்பூன் பாலில் ஒரு சொட்டு குங்குமக் கரைசல் விழுந்தால் பால் முழுவதும் சிவப்பாகத்தானே தெரியும்? இதுவும் அப்படித்தான்.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இந்த வாரத்தில் ஒருநாள் ரத்த அழுத்தமும் ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது இரண்டு விரைகளையும் விரல்களால் உருட்டிப் பாருங்கள். கல் போன்ற கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இளம் வயதில் வரும் விரைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியே இல்லாத கட்டியாகத்தான் தொடங்கும்.

முதலில் சிவப்பாக இருந்தது. இப்போது பழுப்பாக வருகிறது. நோய் முற்றுகிறதா?

இல்லை. பழுப்பு நிறம் பெரும்பாலும் நல்ல அறிகுறி. புதிய ரத்தம் சிவப்பு. பழைய ரத்தம் பழுப்பு, துருப்பிடித்த நிறம், சில நேரம் காபி டிகாஷன் நிறம்.

ரத்தம் எங்கே தங்குகிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரியும். விந்தின் பெரும்பகுதி விரைகளில் உருவாவதில்லை. விரைகளிலிருந்து வருவது உயிரணுக்கள் மட்டுமே, மொத்த அளவில் அது நூற்றில் ஐந்து பங்குக்குள்தான். பாதிக்கும் மேலான நீர்மம், சிறுநீர்ப் பையின் பின்புறம் ஒட்டியிருக்கும் இரண்டு விந்துப் பைகளிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பங்கு புராஸ்டேட் சுரப்பியினுடையது. விந்து வெளியேறும் நேரத்தில் இந்தப் பைகள் சட்டென்று சுருங்கும். அப்போது உட்சுவரில் உள்ள ஒரு மெல்லிய குழாய் வெடித்தால், வரும் ரத்தத்தில் ஒரு பகுதி வெளியே போகும். மீதி பைக்குள்ளேயே தங்கிவிடும். பை ஒரே தடவையில் முழுதாகக் காலியாவதில்லை. எனவே தேங்கியது பழுப்பாக மாறி, அடுத்தடுத்த தடவைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சிலருக்கு இது சில வாரங்கள்கூட நீடிக்கும்.

சிவப்பு, பழுப்பு, வெளிர்மஞ்சள், அப்புறம் வழக்கமான நிறம் என்று போனால் கசிவு நின்றுவிட்டது என்று பொருள். பழுப்பாகி வந்தது மறுபடி மறுபடி புதுச் சிவப்பாக மாறினால் கசிவு இன்னும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் தேட வேண்டும்.

அது என் ரத்தமா, மனைவியுடைய ரத்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உறவுக்குப் பிறகு மட்டும் பார்த்திருந்தால் இந்தச் சந்தேகம் நியாயமானது. அடுத்த முறை ஆணுறை அணிந்துகொண்டு, வெளியேறிய விந்தை வெளிச்சத்தில் பாருங்கள். உறைக்குள் நிறமாக இருந்தால் ரத்தம் உங்களுடையது. உள்ளே வழக்கம்போல் இருந்து, உறையின் வெளிப்புறத்தில் ரத்தம் இருந்தால் அது மனைவியிடமிருந்து வந்தது. மாதவிடாய் நாட்களில் அது இயல்பு. மாதவிடாய் இல்லாத நாளில், அதுவும் உறவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ரத்தம் வருகிறது என்றால் அவர் பெண்கள் நல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

ஆணுறுப்பின் முன்தோல் கிழிந்தோ, தோலை இணைக்கும் நரம்புபோன்ற பகுதி அறுந்தோ ரத்தம் கலந்திருக்கலாம். அப்படியானால் அந்த இடத்தில் எரிச்சல் இருக்கும், கண்ணாலும் பார்க்க முடியும்.

துபாயில் வேலை. ஒன்றரை வருடம் கழித்து லீவில் வந்தேன். வந்த முதல் வாரமே விந்தில் ரத்தம். வயது 34. பயந்துபோய் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு இப்படி வருவது தெரிந்த விஷயம்தான். வெகுநாள் விந்து வெளியேறாமல் இருக்கும்போது விந்துப் பைகள் நிரம்பி விரிந்திருக்கும். அவை திடீரென்று வேகமாக, அடுத்தடுத்து சுருங்க நேரும்போது உட்சுவரின் சிறு குழாய்கள் கசியலாம்.

இப்படி ஒருவர் வந்தால் விசாரணை எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன். முதலில் கேள்விகள். எத்தனை முறை வந்தது? சிறுநீரிலும் ரத்தம் தெரிந்ததா? எரிச்சல், காய்ச்சல், விரையில் வீக்கம் உண்டா? இடைப்பட்ட காலத்தில் வேறு யாருடனாவது பாதுகாப்பில்லாத உறவு இருந்ததா? ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுக்கிறாரா? பல் துலக்கும்போதும் மூக்கிலும் ரத்தம் வருகிறதா? ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்த்து ஏரி, குளங்களில் குளித்தவரா? அங்கே நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் ஒரு புழுத்தொற்று உண்டு. அதுவும் விந்தில் ரத்தம் வரச் செய்யும் என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி.

பிறகு ரத்த அழுத்தம், வயிறு, விரைகள், விந்துக் குழாய் ஆகியவற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். சிறுநீரை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இவருக்கு அழுத்தம் 126/82, விரைகள் இயல்பு, சிறுநீரில் சிவப்பணு இல்லை, சீழ் அணுக்கள் ஒன்றிரண்டு மட்டும், வேறு உறவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். இத்துடன் பரிசோதனை முடிந்தது. ஸ்கேன் வேண்டாம், மாத்திரை வேண்டாம். ஒரு மாதம் நிறத்தைக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் சரியான மருத்துவம்.

இதே ஆளுக்கு ஒரு விவரம் மாறினால் பாதையும் மாறும். சிறுநீரில் சிவப்பணுக்கள் இருந்திருந்தால் சிறுநீரகம் முதல் சிறுநீர்ப் பை வரை ஸ்கேன் செய்து கல்லோ கட்டியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு உறவு இருந்தது என்று சொல்லியிருந்தால் கிளமிடியா, கொனோரியா, எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் அவசியம், முடிவு வரும்வரை ஆணுறையும் அவசியம். மறைத்துவிட்டால் நோய் மனைவிக்குப் போய்ச் சேரும். அதனால்தான் மருத்துவர் தயங்காமல் அதைக் கேட்கிறார், நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாமல் நீங்கள் விலகிப்போனால் அவர் அதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்வார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ஒரு வைத்தியரைப் பார்த்தேன். கைப்பழக்கத்தால் விந்து தீர்ந்துபோய் ரத்தம் வருகிறது என்கிறார். ஆறு மாத மருந்துக்கு முப்பதாயிரம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். விந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து ஆகிறது என்ற பழைய நம்பிக்கையின் மேல்தான் இந்த வியாபாரம் முழுவதும் நிற்கிறது. விந்து நீர்மம் மேலே சொன்ன சுரப்பிகளில் தினமும் ஊறுகிறது. உயிரணுக்கள் விரைகளில் தொடர்ந்து உற்பத்தியாகின்றன. சுரக்கும் பொருள் தீர்ந்து, அதற்கு மூலமான ரத்தம் வெளியே வருகிறது என்பது உடலின் அமைப்பிலேயே இல்லாத ஒன்று. சுய இன்பம் ஒரு நோயும் அல்ல, இதற்கு வழக்கமான காரணமும் அல்ல. மிகவும் முரட்டுத்தனமாகச் செய்தால் சிறு குழாய் கசியலாம், அவ்வளவுதான்.

இதில் எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக மட்டுமல்ல. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திருமணமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறான். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஆறு மாதம் பொடி சாப்பிட்டுவிட்டு, பார்த்திருக்க வேண்டிய புராஸ்டேட் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத பொடிகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்து சிறுநீரகம் கெட்டதும் உண்டு.

வயது 54. ஒரே ஒருமுறை வந்தது, தானாக நின்றுவிட்டது. இனிமேலும் டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, ஒருமுறை வந்து நின்றிருந்தாலும் புராஸ்டேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் கட்டாயம்.

அமெரிக்காவில் புராஸ்டேட் பரிசோதனைக்கு வந்த 26,126 ஆண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அதில் விந்தில் ரத்தம் வந்ததாகச் சொன்னவர்கள் 139 பேர். அவர்களில் 19 பேருக்குப் புற்றுநோய் இருந்தது, அதாவது நூற்றுக்கு 14 பேர். மொத்தமாக வந்தவர்களில் இது நூற்றுக்கு ஆறேழு. இரண்டு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: ரத்தம் வந்தவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை, ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணிக்கையும் இல்லை. இவர்கள் பரிசோதனைக்கென்று வந்த, வயதில் மூத்த ஆண்கள். இந்தக் கணக்கை இருபத்தைந்து வயதுக்காரர் தனக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

பரிசோதனை இரண்டு. ஒன்று, ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. சங்கடமாக இருக்கும், ஆனால் கடுமையான வலி இருக்காது. இரண்டாவது பிஎஸ்ஏ என்னும் ரத்தப் பரிசோதனை. இதை எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய 48 மணி நேரம் விந்து வெளியேறியிருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ புராஸ்டேட் அழற்சியோ இருந்தால் அது குணமாகி ஆறு வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். தொற்றே பிஎஸ்ஏ அளவை நன்றாக ஏற்றிவிடும்; அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு வீடே அழுதுகொண்டிருக்கும்.

அளவு கூடியிருந்தாலோ, விரலுக்குக் கெட்டியான கட்டி தட்டுப்பட்டாலோ எம்ஆர்ஐ, தேவையானால் பயாப்ஸி என்று அடுத்த படி போகும். இரண்டும் இயல்பு என்றால் நிம்மதியாக இருக்கலாம்.

பயாப்ஸி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் விந்து பழுப்பாகவே வருகிறது.

புராஸ்டேட் பயாப்ஸிக்குப் பிறகு இது எதிர்பார்க்க வேண்டியதே. ஊசி பல இடங்களில் குத்தியிருக்கும். நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நிறம் மாறி வரும். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பிவிடுவதால்தான் பலர் பதறுகிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு: பயாப்ஸிக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அன்றைக்கே, நடு இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறேன். அதனால்தான் ரத்தம் வருகிறதா? நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. விந்தில் வரும் ரத்தத்தால் அப்படி எதுவும் ஆகாது. இந்த மாத்திரைகள் சின்னக் கசிவையும் கண்ணுக்குத் தெரியும் கசிவாக ஆக்கிவிடும் என்பது உண்மை. அதனாலேயே, மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டுப் புராஸ்டேட்டைப் பார்க்காமல் விடுவதும் தவறு. வார்ஃபரின் எடுப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை உடனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று தடவை ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்துவிட்டேன். கொஞ்சம் குறைகிறது, மறுபடி வருகிறது. நான்கு மாதமாகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நம் ஊரில் அதிக கவனம் தேவை. தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக் சரிதான். எதையும் பரிசோதிக்காமல் கொடுக்கப்பட்ட மூன்றாவது கோர்ஸ் சரியில்லை.

மருத்துவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது காசநோய். நுரையீரலை மட்டும் பிடிக்கும் நோய் இல்லை அது. விரையின் பின்னால் உள்ள சுருள் குழாய், விந்துக் குழாய், விந்துப் பை, புராஸ்டேட் எல்லாவற்றையும் பிடிக்கும். அதைச் சந்தேகிக்கச் சில தடயங்கள் உண்டு. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கும், ஆனால் கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளராது. விரையின் பின்புறம் கெட்டியாக, அதிகம் வலிக்காமல் இருக்கும். விந்துக் குழாயை விரலால் வருடினால் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். விந்தின் அளவு குறைந்துபோயிருக்கும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு சிலருக்கு இருக்கும், பலருக்கு இருக்காது.

வழக்கமாகக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்குக் காசநோய்க் கிருமியை ஓரளவு அடக்கும் சக்தி உண்டு. காசநோயாக இருந்தால் அதனால்தான் கொஞ்சம் குறைந்து மறுபடி வரும், நோயைக் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். அடுத்த கோர்ஸைத் தொடங்கும் முன் மூன்று நாள் தொடர்ந்து அதிகாலை முதல் சிறுநீரைக் காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுக்கக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம்.

காசநோய் இல்லை என்றால் ஆசனவாய் வழி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ. விந்துப் பையில் கல், விந்து வெளியேறும் குழாயை அழுத்தும் நீர்க்கட்டி போன்றவை இதில்தான் தெரியும். அவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. தொந்தரவு தொடர்ந்தால் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவி செலுத்திச் சரிசெய்ய முடியும்.

எந்த நிலையில் காத்திருக்கவே கூடாது?

சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொண்டால், சிறுநீரில் கட்டி கட்டியாக ரத்தம் வந்தால், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் இருந்தால், விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், அல்லது அடிபட்டபின் ரத்தம் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆணுறுப்பு விறைத்த நிலையில் மடங்கி, சத்தத்தோடு வலித்து உடனே வீங்கினாலும் அப்படித்தான். அது அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

அவசரம் இல்லாவிட்டாலும் ஓரிரு வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: ஒரு மாதத்துக்கு மேல் தொடரும் ரத்தம், நின்று நின்று திரும்ப வருவது, சிறுநீரும் சிவப்பாக வருவது, விரையில் கட்டி, சிறுநீர் கழிக்கும்போதோ விந்து வெளியேறும்போதோ வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முதுகிலும் இடுப்பிலும் விடாத எலும்பு வலி. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்து கவனிக்கப்படாமல் இருப்பவர்களுக்கும் விந்தில் ரத்தம் வருவதுண்டு. அப்படியென்றால் முதலில் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

இந்த நாட்களில் மனைவியுடன் சேரலாமா? குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்.

தொற்று இல்லை என்று தெரிந்தால் சேரலாம். ரத்தம் கலந்த விந்தால் அவருக்குத் தீங்கில்லை, கரு உருவானால் குழந்தைக்கும் பாதிப்பில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். வலி இருந்தால் சில நாள் ஓய்வு கொடுக்கலாம். மாதக் கணக்கில் அடக்கி வைப்பதால் பயனில்லை, தேங்கிய பழைய ரத்தம் வெளியேறுவதும் தாமதமாகும். தொற்றோ காசநோயோ இருந்தால் கருத்தரிப்பு பாதிக்கப்படலாம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் அப்போது முதல் வேலை.

எந்த டாக்டரைப் பார்ப்பது? எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

முதலில் பழகிய குடும்ப மருத்துவர் போதும். நிபுணர் தேவையென்றால் யூராலஜி பிரிவு. சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் ஆகியவற்றைப் பார்க்கும் நெஃப்ராலஜி வேறு. சீட்டுப் போடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதி நாளைத் தொலைப்பவர்கள் நிறைய பேர். பாலியல் தொற்று சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு நேராகப் போகலாம்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: எந்தத் தேதியில் வந்தது, என்ன நிறம், எத்தனை முறை, கூடவே வலியோ காய்ச்சலோ உண்டா, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய். அந்த அரைப் பக்கத்தை வைத்தே எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்பதை மருத்துவரால் பெரும்பாலும் முடிவு செய்துவிட முடியும்.